மருந்துக்கடைக் குழாயில் செய்த போட்டோமீட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேல்நிலை உயிரியல் செய்முறையில், வெட்டிய கிளை உறிஞ்சும் நீரைக்கொண்டு நீராவிப்போக்கைக் கணிக்கும் கானாங் போட்டோமீட்டர் வரும் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களும் இளம் ஆசிரியர்களும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கண்ணாடிக் கருவிக்குப் பதிலாகத் தாங்களே ஒன்றைச் செய்துகொண்டால் அதை ஏட்டில் எப்படி நியாயப்படுத்துவது, அதன் முடிவை எதுவரை நம்பலாம் என்பவைதான் அவற்றின் சாரம். அவர்கள் கேட்டபடியே கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்குகளில் வரும் எண்கள் ஒரு மாதிரிச் சோதனைக்கானவை. உங்கள் குழாய்க்கும் உங்கள் கிளைக்கும் வேறு எண்கள் வரும்.

நாங்களே செய்த கருவி என்று ரெக்கார்டில் எழுத வேண்டுமா, புத்தகத்தில் இருக்கும் கானாங் படத்தையே வரைந்துவிடலாமா?

எதைப் பயன்படுத்தினீர்களோ அதைத்தான் வரைய வேண்டும். புத்தகப் படத்தை வரைந்துவிட்டு, குழாயில் எடுத்த அளவீடுகளை அதன் கீழே எழுதினால், ஏடு ஒரு கருவியையும் எண்கள் இன்னொரு கருவியையும் பேசும். கானாங் கருவியின் நுண்குழாயில் அளவுக்கோடுகள் உண்டு; உங்கள் குழாயில் இல்லை. அப்படியிருக்க, மில்லிலிட்டர் எங்கிருந்து வந்தது என்று தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வியிலேயே அந்த முரண் வெளிப்பட்டுவிடும்.

படத்தில் நீளங்களையும் குறியுங்கள். இணைப்பிலிருந்து குமிழி வரை எத்தனை சென்டிமீட்டர், பீக்கரின் நீர்மட்டம் கிளை செருகிய இடத்துக்கு மேலா கீழா என்பவை அலங்காரத்துக்காக அல்ல. பின்னால் வரும் கசிவுக் கேள்விக்கு அவைதான் ஆதாரம்.

எதை எதோடு மாட்டுவது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

மருந்துக்கடையில் சலைன் ஏற்றும் குழாய்த் தொகுதி ஒன்று, ‘த்ரீ வே’ என்று கேட்டால் தரும் மூவழித் திருகு ஒன்று, 1 மி.லி. சிரிஞ்சு ஒன்று, நீர் நிரப்ப 20 மி.லி. சிரிஞ்சு ஒன்று. எல்லாம் புதியவையாக இருக்க வேண்டும். மருத்துவமனையில் பயன்படுத்திய குழாயை எந்தக் காரணத்துக்காகவும் தொடக்கூடாது. மூவழித் திருகின் ஒரு வாயில் சிரிஞ்சு, இன்னொன்றில் 10 செ.மீ. துண்டுக் குழாய், மூன்றாவதில் 40 செ.மீ. குழாய். துண்டுக் குழாயின் நுனியில் சைக்கிள் வால்டியூபை இழுத்து மாட்டி, அதற்குள் கிளையைச் செருகி, நூலால் கட்டி, வாசலின் தடவ வேண்டும். நீண்ட குழாயை ஓர் இரும்பு ஸ்கேல்மேல் கிடையாக ஒட்டி, அதன் நுனியைப் பீக்கர் நீரில் முக்க வேண்டும்.

செம்பருத்தி போன்ற உருண்டையான, பென்சிலைவிட மெல்லிய தண்டு வசதியானது. தண்டை நீருக்கடியிலேயே சாய்வாக வெட்டி, நீருக்கடியிலேயே செருகுங்கள். வெளியே வெட்டினால் சைலக் குழாய்களுக்குள் காற்று புகுந்து நீரோட்டம் அறுந்துவிடும். செம்பருத்தி வெட்டுவாயில் வழவழப்பான பசை வரும் என்பதால், அரைமணி நேரம் ஆனபின் வேகம் தானாகக் குறைந்தால் விசிறியையோ வெளிச்சத்தையோ குற்றம் சொல்லாமல் முதலில் வெட்டுவாயைச் சந்தேகியுங்கள்.

குழாய் நுனியைப் பீக்கரிலிருந்து சில விநாடிகள் வெளியே எடுத்தால் ஒரு காற்றுக்குமிழி நுழையும். கிளை நீரை இழுக்க இழுக்க அது கிளையை நோக்கி நகரும். எப்போதும் குமிழியின் ஒரே முனையைப் பார்த்தே அளவு எடுங்கள்.

“பள்ளியில் கருவி இல்லை, அதனால் இதைச் செய்தோம்” என்று எழுதினால் போதாதா?

போதாது. அது நீங்கள் ஏன் செய்தீர்கள் என்பதற்கான காரணம். கருவி ஏன் தகும் என்பதற்கான காரணம் அல்ல. நியாயப்படுத்துதல் என்பது, மூலக்கருவியின் ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்த்து, அந்த வேலையை உங்கள் மாற்றுப் பொருள் செய்கிறதா என்று காட்டுவதாகும்.

கானாங் கருவியில் நீர்த்தேக்கமும் அதன் திருகும் குமிழியைத் தொடக்கத்துக்குத் தள்ளுவதற்காக இருக்கின்றன. இங்கே சிரிஞ்சும் மூவழித் திருகும் அதையே செய்கின்றன. அங்கே ரப்பர் அடைப்பான் காற்றுப் புகாமல் தடுக்கிறது. இங்கே வால்டியூபும் வாசலினும் தடுக்கின்றன. தடுக்கின்றன என்று எழுதினால் மட்டும் போதாது, சோதித்துக் காட்ட வேண்டும். அங்கே நுண்குழாய் அளவிடப்பட்டது. இங்கே நீங்கள்தான் அளவிட வேண்டும். ஆக, மூன்று வேலைகளில் ஒன்று பார்த்தாலே விளங்குகிறது; மற்ற இரண்டுக்கும் சான்று தேவைப்படுகிறது. அந்த இரண்டு சான்றுகள்தான் உங்கள் ஏட்டின் உயிர்ப்பகுதி.

குழாயில் கோடு எதுவும் இல்லையே, மில்லிலிட்டர் எப்படி எழுதுவது?

கிளை இருக்கும் பக்கத்தை மூவழித் திருகால் அடைத்துவிட்டு, 1 மி.லி. சிரிஞ்சால் 0.50 மி.லி. நீரை மெதுவாகச் செலுத்துங்கள். குமிழி பீக்கர் பக்கம் எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று பாருங்கள். மூன்று முறை செய்து 71, 72, 73 மி.மீ. வந்தால் சராசரி 72. எனவே ஒரு மில்லிமீட்டருக்கு 0.50 ÷ 72, அதாவது சுமார் 0.0069 மி.லி. இதிலிருந்து குழாயின் உள்விட்டம் ஏறக்குறைய 3 மி.மீ. என்றும் கிடைக்கும். சலைன் குழாய்க்கு இது பொருந்தும் அளவுதான், 5 மி.மீ. என்று வந்தால் கணக்கில் எங்கோ தவறு இருக்கிறது.

சிரிஞ்சில் மிகச்சிறிய பிரிவு 0.01 மி.லி. என்பதால் 0.50 மி.லி. செலுத்தும்போது 2 சதவீத ஐயம் இருக்கிறது. 0.10 மி.லி. மட்டும் செலுத்தி அளவிட்டால் அதே ஐயம் 10 சதவீதமாகிவிடும். ஆகவே கூடுதல் கனஅளவைச் செலுத்துவதே சரி. இன்சுலின் சிரிஞ்சு வாங்கிவிடாதீர்கள். அதன் கோடுகள் யூனிட்டில் இருக்கும், 1 மி.லி.க்கு 40 யூனிட் போட்டதும் 100 யூனிட் போட்டதும் கடையில் ஒன்றாகவே கிடைக்கின்றன.

கசிவு இல்லை என்று எப்படிக் காட்டுவது? வாசலின் நிறையத்தான் தடவியிருக்கிறோம்.

வாசலினின் அளவு சான்றாகாது. முதலில், கசிவு முடிவை எந்தப் பக்கம் சாய்க்கும் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். பீக்கரின் நீர்மட்டம் கிளை இணைப்பைவிடத் தாழ்ந்திருந்தால், இணைப்பில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. ஓட்டை இருந்தால் காற்று உள்ளே புகும், நீர் பீக்கர் பக்கம் இறங்கப் பார்க்கும், குமிழி உண்மையைவிடக் குறைவாக நகரும். நீர்மட்டம் இணைப்பைவிட உயர்ந்திருந்தால் நீர் ஓட்டை வழியே வெளியே ஒழுகும். அந்த ஒழுக்கும் கிளை குடித்த நீராகக் கணக்கில் ஏறிவிடும். இரண்டாவது நிலை ஆபத்தானது, ஏனெனில் அது நல்ல முடிவு போலவே தோற்றமளிக்கும். அளவெடுக்கும்போது இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்துக்கொண்டால் கசிவைத் தூண்டும் அழுத்தம் ஏறக்குறைய இல்லாமல் போகும்.

கிளைக்குப் பதிலாகக் கண்ணாடிக் குச்சியைச் செருகி, பீக்கரை 10 செ.மீ. தாழ்த்திப் பத்து நிமிடமும் உயர்த்திப் பத்து நிமிடமும் குமிழியைக் கவனிப்பது வழக்கமான சோதனை. இதற்கு ஒரு குறை உண்டு: கண்ணாடி வழவழப்பானது, பட்டை சொரசொரப்பானது. குச்சியைச் சுற்றிக் கசியாத வால்டியூப் தண்டைச் சுற்றிக் கசியலாம்.

ஆகவே நான் பரிந்துரைப்பது வேறொன்று. எல்லா அளவீடுகளும் முடிந்தபின், இணைப்பைத் தொடாமல், இலைகளை மட்டும் ஒவ்வொன்றாக வெட்டி, காம்பு வெட்டிய இடங்களில் வாசலின் வையுங்கள். தண்டு தன் பற்றாக்குறையைச் சற்று நேரம் ஈடுசெய்துகொள்ளும் என்பதால் பத்து நிமிடம் பொறுத்திருந்து, பிறகு ஐந்து நிமிடம் அளவெடுங்கள். 15 மி.மீ. நகர்ந்த குமிழி இப்போது ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால், முன்பு கண்ட நகர்வு இலைகளால்தான் நிகழ்ந்தது என்று எழுத உங்களுக்கு உரிமை உண்டு. இப்போதும் 6 மி.மீ. நகர்ந்தால், அதைக் கழித்துக்கொண்டு மேலே போகாதீர்கள். கசிவு நேரத்துக்கு நேரம் மாறும்; இணைப்பை மாற்றிப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

குமிழி நகர்வதே நீராவிப்போக்கால்தானே? பிறகு ஏற்புடைமை என்று தனியாக என்ன எழுதுவது?

ஏற்புடைமை என்பது, கருவி அளப்பதும் நீங்கள் சொல்ல விரும்புவதும் ஒன்றுதானா என்ற கேள்வி. கருவி அளப்பது கிளை உறிஞ்சிய நீரை. நீங்கள் சொல்ல விரும்புவது இலை வெளியிட்ட நீரை. இரண்டும் பெரும்பாலும் நெருங்கியிருக்கும், ஏனென்றால் உறிஞ்சிய நீரில் மிகச் சிறு பங்கே ஒளிச்சேர்க்கைக்கும் வளர்ச்சிக்கும் செலவாகிறது. ஆனால் வாடிய கிளையைச் செருகினால், அது முதலில் தன் செல்களை நிரப்பிக்கொள்ளும். அப்போது உறிஞ்சுதல் வேகமாகவும் நீராவிப்போக்கு மெதுவாகவும் இருக்கும். விசிறியைப் போட்டவுடன் நிலைமை தலைகீழாகும்: இலை உடனே கூடுதலாக இழக்கும், தண்டு சற்றுத் தாமதித்தே ஈடுகொடுக்கும். நிலைமையை மாற்றியபின் சில நிமிடம் காத்திருந்து, அடுத்தடுத்த இரண்டு அளவுகள் ஒத்துவந்த பிறகே பதியச் சொல்வது இதற்காகத்தான்.

மேலும் அது வேரற்ற வெட்டுக்கிளை. வேரில் இருக்கும் தடை இதில் இல்லை; மண்ணின் ஈரமும் இல்லை. முடிவை முழுச் செடிக்கு நீட்டக்கூடாது. இவை உங்கள் குழாயின் குறைகள் அல்ல, போட்டோமீட்டர் என்ற முறையின் எல்லைகள். ஏட்டில் இரண்டையும் தனித்தனியாக எழுதுகிற மாணவர் மிகக் குறைவு.

எங்களுக்கு அசையாக் காற்றில் 15, 14, 16 மி.மீ.; விசிறிக்கு முன் 26, 28, 27 மி.மீ. வந்தது, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். எதைத் துணிந்து எழுதலாம்?

சராசரிகள் 15, 27. தொடக்கத்திலும் முடிவிலும் ஸ்கேலைப் படிப்பதில் ஒவ்வொரு மில்லிமீட்டர் பிசகலாம் என்று கொண்டால், ஒரு நகர்வின் ஐயம் அதிகபட்சம் 2 மி.மீ. அப்படியானால் 13 முதல் 17 வரை ஒன்று, 25 முதல் 29 வரை இன்னொன்று. இரண்டு வரம்புகளும் ஒன்றையொன்று தொடவில்லை. ஆகவே விசிறிக்காற்றில் இந்தக் கிளை கூடுதலாக நீர் உறிஞ்சியது என்பதை உறுதியாக எழுதலாம். எத்தனை மடங்கு என்றால் 27 ÷ 15, சுமார் 1.8 மடங்கு, கடைசி ஓரங்களை எடுத்தால் 1.5 முதல் 2.2 வரை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த 1.8 மடங்கைச் சொல்ல, நான்காம் விடையில் செய்த அளவீடு தேவையே இல்லை. ஒரே குழாய், ஒரே கிளை என்பதால் குழாயின் விட்டம் மேலும் கீழும் அடிபட்டுப்போகிறது. விட்டம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தால் போதும். விடையை மில்லிலிட்டரில் எழுதினால்தான் சிரிஞ்சின் ஐயமும் வந்து சேரும்: 15 × 0.0069 என்பது 0.104, ஆனால் எழுத வேண்டியது 0.10 ± 0.02 மி.லி. என்று. கால்குலேட்டர் தரும் 0.1035 என்பதை அப்படியே எழுதுவது, கருவிக்கு இல்லாத திறமையை அதன் தலையில் கட்டுவதாகும். சோதனையின் நோக்கமே ஒப்பீடு என்றால், வீட்டுக் கருவி அந்த நோக்கத்துக்கு முழுமையாகத் தகும் என்று எழுதுவதுதான் வலுவான நியாயம்.

விசிறிக்குப் பிறகு மறுபடியும் அசையாக் காற்றில் ஓர் அளவு எடுத்தீர்களா என்பதையும் பாருங்கள். அது 15க்கு அருகே திரும்பினால் வேறுபாடு காற்றால் வந்தது. 9க்கு இறங்கியிருந்தால் வெட்டுவாய் அடைபடுகிறது என்று பொருள், அப்போது 1.8 என்பதுகூட உண்மையைவிடக் குறைவாக இருக்கலாம்.

மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே அளவு வந்திருக்கிறதே, அதுவே கருவி சரி என்பதற்குச் சான்றில்லையா?

அது நம்பகத்தன்மைக்குச் சான்று, ஏற்புடைமைக்கு அல்ல. ஐந்தாம் விடையில் சொன்ன சீரான ஒழுக்கும் மூன்று முறையும் ஒரே அளவைத்தான் தரும்.

விசிறிக்குப் பதில் பல்பு வைத்து வெளிச்சத்தின் விளைவைப் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் இதில்தான் வீட்டுக் கருவி சத்தமில்லாமல் ஏமாற்றும். குண்டு பல்பு வெளிச்சத்தோடு வெப்பத்தையும் தருகிறது. நம்மூர் அறை வெப்பத்தில் நீர் ஒரு டிகிரிக்கு அதன் கனஅளவில் சுமார் 0.0003 பங்கு விரிகிறது. 20 மி.லி. சிரிஞ்சை நிரப்பியபடியே திருகைத் திறந்து வைத்திருந்தால், குமிழிக்கும் கிளைக்கும் இடையே மொத்தம் 23 மி.லி. நீர் இருக்கும். அது ஒரு டிகிரி சூடானால் 0.007 மி.லி. விரிந்து குமிழியைப் பீக்கர் பக்கம் ஒரு மில்லிமீட்டர் தள்ளும். ஐந்து நிமிடத்தில் நான்கு டிகிரி ஏறினால் நான்கு மில்லிமீட்டர், 15 மி.மீ. நகர்வில் கால் பங்குக்கும் மேலே காணாமல் போகிறது. வெளிச்சத்தில் உறிஞ்சுதல் கூடவில்லை என்று எழுதிவைத்த ஏடுகளில் சில இப்படித்தான் பிறந்திருக்கும் என்பது என் ஊகம்.

மூவழித் திருகால் சிரிஞ்சை அடைத்துவிட்டால் குழாயில் இருக்கும் சுமார் 3 மி.லி. மட்டுமே கணக்கு, அதே நான்கு டிகிரிக்கு அரை மில்லிமீட்டர்தான். எல்.இ.டி. விளக்கைச் சற்றுத் தள்ளி வைத்து, குழாயை அட்டையால் மறைத்தால் இன்னும் நல்லது. அதன் பிறகும் இலை சூடாவதைத் தடுக்க முடியாது. எனவே ‘வெளிச்சத்தின் விளைவு’ என்று தலைப்பிடாமல், ‘விளக்கின் கீழ் வெளிச்சமும் இலை வெப்பமும் சேர்ந்து தந்த விளைவு’ என்று எழுதுங்கள்.

எடை போட்டுச் சரிபார்த்தால் ஏற்புடைமை நிரூபணமாகுமா?

பெருமளவு ஆகும். ஒரே கிளையை ஒரு சிறு குப்பி நீரில் வைத்து, நீரின்மேல் ஒரு படலம் எண்ணெய் ஊற்றி, அரைமணி நேர எடை இழப்பைப் பார்த்தால் அது நேரடியாக நீராவிப்போக்கு. ஐந்து நிமிடத்துக்கு 0.10 மி.லி. என்ற வேகத்தில் அரைமணிக்கு 0.6 கிராம் அளவில் குறைய வேண்டும். ஒரு கிராம் வரை மட்டும் காட்டும் சமையலறைத் தராசு இதற்கு உதவாது, 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு வேண்டும். தராசில் 0.55 கிராம் வந்தால், எழுதிய ஐயத்துக்குள் இரண்டும் ஒத்துப்போகின்றன என்று சொல்லலாம். 0.3 கிராம் வந்தால் கசிவையோ வாடிய கிளையையோ தேட வேண்டும். இரண்டு அளவீடுகளும் வெவ்வேறு நேரத்தில் நடந்தவை என்பதையும் அறையின் வெப்பநிலையையும் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.

வரம்புகள் பகுதியில் “மனிதப் பிழை, கருவிப் பிழை” என்று எழுதினால் ஏன் ஏற்க மறுக்கிறார்கள்?

அந்தச் சொற்களை எந்தச் சோதனையின் கீழும் ஒட்டலாம் என்பதால்தான். ஒரு வரம்பை எழுதும்போது மூன்று செய்திகள் இருக்க வேண்டும்: எது பிசகுகிறது, அது முடிவைக் கூட்டுமா குறைக்குமா, எவ்வளவு. இப்படி எழுதலாம்: “வால்டியூப் இணைப்பு இலை நீக்கிய சோதனையில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு மி.மீ.க்கும் குறைவாகவே நகர்வைக் காட்டியது. எனவே கசிவு, அசையாக் காற்றில் கண்ட 15 மி.மீ. நகர்வில் ஏழு சதவீதத்துக்கு மேல் பங்களித்திருக்க முடியாது. கண்ட வேறுபாடான 12 மி.மீ.யை அது விளக்காது.”

எல்லாவற்றையும் பட்டியலிடவும் வேண்டாம். முடிவை மாற்றக்கூடிய இரண்டு மூன்றை மட்டும் எழுதுங்கள். வளைந்த குழாய், குமிழி ஒட்டிக்கொண்டு விட்டுவிட்டு நகர்வது போன்றவற்றைச் செய்முறைக் குறிப்பில் ஒரு வரியில் முடித்துவிடலாம்.

அடுத்த குழுவின் கிளையில் நகர்வு அதிகம். அவர்கள் கருவிதான் சிறந்தது என்கிறார்கள். உண்மையா?

அதை இந்த எண்களால் சொல்லவே முடியாது. அவர்கள் கிளையில் எத்தனை இலைகள், எவ்வளவு பரப்பு என்று தெரியாமல் மில்லிமீட்டரை மில்லிமீட்டரோடு ஒப்பிட இயலாது. அவர்கள் குழாயின் விட்டமும் வேறாக இருக்கலாம். இங்கேதான் நான்காம் விடையின் அளவீடு கட்டாயமாகிறது: இரு குழுவும் மி.லி.க்கு மாற்றி, இலைகளைக் கட்டத்தாளில் வரைந்து பரப்பைக் கணக்கிட்டு, 100 ச.செ.மீ. இலைக்கு ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மி.லி. என்று கொண்டுவர வேண்டும். அதன் பிறகும் வேறுபாடு மிஞ்சினால் அது இலையின் வயதாலோ கிளை வெட்டிய நேரத்தாலோ வந்திருக்கலாம். கருவிகளைத்தான் ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே கிளையை இரண்டிலும் மாற்றிமாற்றிச் செருகிப் பார்க்க வேண்டும்.

கண்ணாடிக் கருவி வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை எல்லாம் தீர்ந்துவிடும் அல்லவா?

சிலது தீரும். நுண்குழாயில் கோடுகள் இருக்கும், கண்ணாடி கையால் அழுத்தினால் நசுங்காது. சலைன் குழாயை விரலால் தொட்டாலே குமிழி துள்ளுவது உங்களுக்குத் தெரியும். ஆனால் அடைப்பானைச் சுற்றிய கசிவு அங்கேயும் உண்டு, நீர்த்தேக்கத்தின் திருகை மூட மறந்தால் வெப்ப விரிவும் அங்கேயும் உண்டு, உறிஞ்சுதலுக்கும் நீராவிப்போக்குக்கும் உள்ள இடைவெளி அங்கேயும் அப்படியேதான் இருக்கிறது. கண்ணாடிக் கருவியில் எடுத்த அளவுகளுக்கும் இலை நீக்கிய சோதனையைச் செய்துதான் ஆக வேண்டும்.